கேஷுக்கு ஒரு தமிழ்ச்சொல்: கலைச்சொல் ஆக்கத் தொடங்குபவர்களுக்கு

மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கும்போது cache, அதாவது ‘கேஷ்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். தமிழ் எழுத்தில் எழுதினால் அது ரொக்கப் பணம் என்றுதான் படிக்கப்படும். ‘கேஷை அழி’ என்ற பொத்தானை அழுத்த யாருக்குத்தான் மனசு வரும்? சரி, ஒரு தமிழ்ச்சொல் ஆக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்து சொற்கள் முளைத்தன, நான்கு செத்தன. அந்த நான்கும் எப்படிச் செத்தன என்பதை வரிசையாகச் சொன்னாலே சொல்லாக்கத்தின் படிகள் பெரும்பாலும் வந்துவிடும்.

முதலில் சொல் வேண்டாம், ஒரு வாக்கியம் போதும்

ஆங்கிலச் சொல்லை மறந்துவிட்டு, அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நான் எழுதியது இது: “தொலைவிலிருந்து ஒருமுறை கொண்டுவந்ததன் நகலை, அடுத்தமுறை மறுபடி போகாமல் இருக்க, பக்கத்திலேயே வைத்திருக்கும் இருப்பு.”

இதைச் செய்யாமல் அகராதியைத் திறந்தால் ஒரு குழியில் விழுவோம். கேஷ் என்ற சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் ஒளித்துவைத்தல் என்று வேர்ப்பொருள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் ‘பதுக்ககம்’ வரும். என் பட்டியலில் முதலில் வந்ததும் அதுதான். ஆனால் தமிழில் பதுக்கல் என்பது குற்றம். உலாவி உங்கள் கணினியில் எதையோ பதுக்குகிறது என்று எழுதினால், படிப்பவர் அது உளவு பார்க்கிறது என்றே நினைப்பார். மூலமொழியின் வேர் அந்த மொழிக்காரர் செய்த உவமை. அதை நாமும் செய்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நமக்கு வேண்டியது கருத்து.

வாக்கியத்தை எழுதியபின் இரண்டு சொற்களை அடிக்கோடிடுங்கள். ஒன்று, அந்தப் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் பெயர். இன்னொன்று, அந்த வகையில் மற்றவற்றிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் ஒரே பண்பு. என் வாக்கியத்தில் வகை ‘இருப்பு’, பண்பு ‘பக்கத்தில்’. நகல் என்பதும் தற்காலிகம் என்பதும் உண்மைதான், ஆனால் அவை பிரித்துக் காட்டவில்லை. கணினிக்குள் தற்காலிகமானவை எத்தனையோ இருக்கின்றன. எல்லாப் பண்பையும் உள்ளே திணித்தால் ‘மறுபயன்பாட்டு நகல் சேமிப்பகம்’ மாதிரி ஒரு விளக்கவுரைதான் கிடைக்கும்.

பண்பைத் தேரும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அது மாறக்கூடியதா? ரயிலுக்குப் புகைவண்டி என்று பெயர் வைத்தோம். நீராவி எஞ்சின் போனது, புகையும் போனது, இப்போது தொடர்வண்டி என்கிறோம். பெட்டிகள் தொடர்ந்து வருவது எந்த எஞ்சினுக்கும் பொருந்தும்.

ஒட்டும் இடத்தில் எழுத்து சொல்லும் செய்தி

தமிழ்க் கூட்டுச்சொல்லில் வகைப்பெயர் கடைசியில் வரும். தேடுபொறி ஒரு பொறி, தொடுதிரை ஒரு திரை. முன்னால் வருவது அடைமொழி. அந்த அடைமொழி வினையடியாகவும் இருக்கலாம், பெயராகவும் இருக்கலாம். எது என்பதை நடுவில் வரும் மெய்யெழுத்தே பெரும்பாலும் சொல்லிவிடும்.

தேடு, தொடு, இயங்கு ஆகியவை வினைகள். அவற்றோடு பெயர் சேர்ந்தால் வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது: தேடுபொறி, தொடுதிரை, இயங்குதளம். அச்சு, விசை, தரவு ஆகியவை பெயர்கள். அங்கே மிகும்: அச்சுப்பொறி, விசைப்பலகை, தரவுத்தளம். அளவுகோல் போல வழக்கில் ஊறிவிட்ட விதிவிலக்குகள் உண்டு. ஆனால் புதிதாக ஆக்கும் சொல்லில் விதிவிலக்குக்கு என்ன வேலை? ‘தொடுத்திரை’ என்று எழுதினால் படிப்பவர் ‘தொடு’ என்ற பெயர் ஒன்று இருப்பதாக எண்ணித் தடுமாறுவார்.

கணிப்பொறி என்ற சொல்லைப் பற்றிய பழைய முணுமுணுப்பு இதுதான். கணித்தல் என்ற வினையிலிருந்து நேராக வந்தால் அது கணிபொறி. கணிப்பு என்ற பெயரிலிருந்து வந்தால் கணிப்புப்பொறி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது கணிப்பொறி. கணினி வந்தபின் பலர் அதற்குத் தாவியதற்குக் காரணம் இலக்கணம் இல்லை என்றே நினைக்கிறேன். வாய்க்கு எளிது, அவ்வளவுதான்.

வினைத்தொகையில் காலம் தெரியாது. தேடுபொறி நேற்றும் தேடியது, நாளையும் தேடும். கருவிகளுக்கும் தளங்களுக்கும் இது வெகு வசதி. ஆனால் ‘ஏற்கெனவே செய்து முடித்தது’ என்ற குறிப்பு தேவைப்படும் இடத்தில் வினைத்தொகை கைகொடுக்காது. அங்கே பெயரெச்சம்தான்: நீக்கிய கோப்பு, பகிர்ந்த கோப்பு.

‘இ’ விகுதி: மலிவானது, அதனாலேயே ஆபத்தானது

புதிதாக வருபவர்கள் எல்லாரும் முதலில் காதலிப்பது இந்த விகுதியைத்தான், நானும் அப்படித்தான். வினையோடு ‘இ’ சேர்த்தால் அதைச் செய்யும் கருவி வந்துவிடுகிறது: உலாவி, வழங்கி, வருடி, உணரி. மூன்று நான்கு எழுத்துதான். இதைவிடச் சுருக்கமாக எதுவும் ஆக்க முடியாது.

இதில் ஒளிந்திருக்கும் சிக்கலைப் பாருங்கள். உலாவு, வழங்கு, வருடு போன்ற வினைகளின் வினையெச்சமும் இதே வடிவம்தான்: உலாவி வந்தான், வழங்கி முடித்தான், வருடிக் கொடுத்தான். இப்போது இந்த வாக்கியத்தைப் படியுங்கள்.

“தகவலை வழங்கி நின்றுவிட்டது.”

எது நின்றது? தகவலைக் கொடுத்துவிட்டு ஏதோ ஒன்று நின்றதா, வழங்கி என்ற கணினியே நின்றதா? பிழைச்செய்தியில் இப்படி வந்தால் நிர்வாகி தலையைச் சொறிவார். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் எழுத்தில் ஒரு துணை உண்டு. வினையெச்சம் என்றால் ‘வழங்கிச் செயலிழந்தது’, எழுவாய் என்றால் ‘வழங்கி செயலிழந்தது’. ஆனால் அந்த ஒற்றெழுத்தை ஒழுங்காகப் போடுபவர்கள் குறைவு. பேச்சில் அது காதில் விழுவதும் சந்தேகம்.

ஆகவே ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் ஆக்கிய ‘இ’ சொல்லுக்குப் பின் ‘விட்டுப் போனான்’ என்று சேர்த்துப் பாருங்கள். இயல்பாக ஒட்டினால் ஆபத்து. ‘வருடி விட்டுப் போனான்’ ஒட்டுகிறது. ‘உணரி விட்டுப் போனான்’ ஒட்டவில்லை, ஏனென்றால் உணர் என்பதன் எச்சம் உணர்ந்து. பகிர்ந்து, கொன்று, அறிந்து என்று எச்சம் வரும் வினைகளில் ‘இ’ சேர்த்தால் பிரச்சினை இல்லை: பகிரி, பூச்சிக்கொல்லி. செயல் என்ற பெயரோடு ‘இ’ சேர்ந்த செயலிக்கும் இந்தக் குழப்பம் இல்லை.

ஒட்டிவிட்டால் கைவிட வேண்டியதில்லை, முன்னால் ஒரு பெயரைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘மாற்றி’ தனியாக நின்றால் எச்சம், மின்மாற்றி என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள். திறன்பேசி, ஒலிபெருக்கி, தொலைநோக்கி எல்லாம் இப்படிப் பிழைத்தவைதான். ‘நோக்கி’ மட்டும் தனியாக இருந்திருந்தால், ‘வீட்டை நோக்கி’ என்பதிலிருந்து அதைப் பிரித்தெடுக்க இலக்கண ஆசிரியர்தான் வர வேண்டும்.

என் பட்டியலில் இரண்டாவது சொல் செத்தது இங்கேதான். கிட்டு என்றால் கிடைத்தல், கிட்ட என்றால் அருகில். கேஷின் இரண்டு பண்பும் ஒரே வேரில்! ‘கிட்டி’ என்று எழுதிவிட்டுத் துள்ளினேன். அப்புறம் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “படம் கிட்டி விட்டது.” முடிந்தது கதை.

இடப்பெயருக்கு ‘அகம்’, ஆனால் காதையும் கேளுங்கள்

‘அகம்’ என்பது இடத்தைச் சொல்லும் பின்னொட்டு: நூலகம், நினைவகம், சேமிப்பகம். வினையெச்சக் குழப்பம் இதற்குக் கிடையாது. ஆகவே தேக்ககம், கிட்டகம் என்று இரண்டு சொற்கள் வந்தன.

தேக்ககத்தை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘க்கக’ என்று மூன்று ககரம் அடுத்தடுத்து வருகிறது. வேகமாகச் சொன்னால் ஒரு ககரம் விழுந்து ‘தேக்கம்’ ஆகிவிடும், அதுவோ வளர்ச்சி நின்றுபோன நிலை. வேகத்துக்காக வைத்த ஒன்றுக்கு இப்படி ஒரு பெயரா? எழுதியதைப் படிப்பவரும் எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்ப்பார். பொருளிலும் ஒரு கோளாறு உண்டு. தேக்குவது என்றால் வந்துகொண்டிருக்கும் ஓட்டத்தைத் தடுத்துச் சேர்ப்பது. பஃபர் என்கிறோமே, அது செய்யும் வேலை அதுதான். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வது? ஒரு சொல்லை ஆக்கும்போது அதன் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும்.

கிட்டகம் இந்தச் சோதனைகளைத் தாண்டியது. சொல்ல எளிது, பொருளும் பொருத்தம். ஒருநாள் தொலைபேசியில் நண்பரிடம் இரண்டு வாக்கியங்கள் படித்துக்காட்டி, கேட்டதை எழுதச் சொன்னேன். அவர் ‘கட்டகம்’ என்று எழுதியிருந்தார். கட்டகம் ஏற்கெனவே மாட்யூலுக்கு வழங்கும் சொல். வேறு துறைச் சொல்லாக இருந்தால் விட்டிருப்பேன். ஆனால் நிரலாக்கத்தில் மாட்யூல்களுக்கே ஒரு கேஷ் உண்டு, அதை ‘கட்டகக் கிட்டகம்’ என்று சொல்ல வேண்டிவரும். குழந்தைகளுக்கு நாக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமானால் உதவும்.

இந்தத் தொலைபேசிச் சோதனையைத் தவறவிடாதீர்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் வாக்கியத்தை மட்டும் படியுங்கள். எழுதுபவர் திரும்பக் கேட்டாலோ வேறு சொல் எழுதினாலோ குறை சொல்லில்தான், அவரிடம் இல்லை.

நீளத்தை அளக்கவும் எளிய வழி உண்டு. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். மின்னஞ்சல் 3, தொலைக்காட்சி 4, பதிவிறக்கம் 5. நாவில் நிலைத்த சொற்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் நிற்கின்றன. ‘தற்காலிகச் சேமிப்பு’ 7. ‘மறுபயன்பாட்டு நகல் சேமிப்பகம்’ 12. ஐந்தைத் தாண்டினால் மக்கள் தாங்களே வெட்டிவிடுவார்கள், எங்கே வெட்டுவார்கள் என்பது நம் கையில் இல்லை.

ஐந்தாவது சொல்லும் அதன் குடும்பமும்

திரும்ப அடிக்கோடிட்ட இடத்துக்கே வந்தேன். வகை இருப்பு, பண்பு பக்கத்தில். ‘பக்கம்’ ஏற்கெனவே வலைப்பக்கத்துக்குப் போய்விட்டது. ‘கையிருப்பு’ அழகான பழைய சொல், ஆனால் கடைக் கணக்கு மென்பொருளில் அது சரக்கு இருப்பு. அதே அச்சில் வார்த்தால் அருகு + இருப்பு = அருகிருப்பு.

எண்ணிப் பார்த்தேன்: அ, ரு, கி, ரு, பு. ஐந்து. பிரித்துப் படிப்பதில் குழப்பம் வருமா என்றும் பார்த்தேன். அருகி (குறைந்து) + இருப்பு என்று பிரிக்க முடியாது, அப்படியானால் நடுவில் யகரம் வந்து அருகியிருப்பு ஆகியிருக்கும். ‘அருகி’ என்று நிறுத்தினால் மிச்சம் ‘ருப்பு’, அப்படி ஒரு தமிழ்ச்சொல் தொடங்காது. ஆகக் கண் தானாகவே சரியான இடத்தில் வெட்டும்.

அடுத்து வேற்றுமை உருபுகள். சொல் அகராதியில் தனியாக நிற்பதில்லை. ஐ, க்கு, இல், கள் எல்லாம் அதன்மேல் ஏறும். அருகிருப்பை, அருகிருப்புக்கு, அருகிருப்பில், அருகிருப்புகள். உடல் மாறவில்லை. ‘அகம்’ என்று முடியும் சொற்கள் அகத்தை, அகத்தில் என்று மாறும். மனிதர் எழுதும்போது இது ஒன்றுமே இல்லை, ஆனால் மென்பொருளில் இப்படி வரிகள் இருக்கும்:

```
clear = "%s-ஐ அழி"
```

இங்கே %s இருக்கும் இடத்தில் சொல் மாறாமல் அப்படியே விழும். ‘சேமிப்பகம்-ஐ அழி’ என்று திரையில் வருவதைப் பார்த்திருப்பீர்களே. இது நிரலை எழுதியவர் திருத்த வேண்டிய குறை, சொல்லின் குறை இல்லை. ஆனாலும் உருபு ஏறும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பதில் வேறொரு லாபமும் உண்டு. கோடு என்ற சொல்லுக்கு ஐ சேர்த்தால் கோட்டை. ‘கோட்டை அழி’ என்று வரைபட மென்பொருள் ஒன்றில் எழுதினால், கோட்டை மதிலை இடிக்கச் சொல்கிறதா என்று கேட்கத் தோன்றும்.

மிச்சம் இருப்பது வினை. கேஷ் செய்வதை எப்படிச் சொல்வது? பலர் இதை மறந்துவிட்டுப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ‘புகுபதிகை’ என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். கட்டமைப்பில் குறையே இல்லாத வினைத்தொகை. ஆனால் அதை வினையாக்க ‘புகுபதிகை செய்’ என்று ஒரு துணைவினை வேண்டியிருக்கிறது. உள்நுழை என்றால் உள்நுழைந்தேன், உள்நுழையாத பயனர், உள்நுழைவு என்று எல்லாம் தானே கிளைக்கின்றன. எனவே முடிந்தால் வினையை முதலில் ஆக்கிவிட்டுப் பெயரை அதிலிருந்து எடுங்கள். பதிவிறக்கு என்ற வினை இருந்தால் பதிவிறக்கம் இலவசம்.

‘இரு’ என்பதற்குப் பிறவினை ‘இருத்து’. மனத்தில் இருத்து என்கிறோம் இல்லையா, அதே சொல். அருகிருத்து என்று வைத்தால், “உலாவி படங்களை அருகிருத்துகிறது”, “அருகிருத்திய பக்கம் பழையது”, “இதை அருகிருத்தாதே” எல்லாம் வருகின்றன. தேடியது அதில் இருந்ததா இல்லையா என்பதற்குத் தனிச்சொல் ஆக்கவில்லை. ‘அருகிருப்பில் கிடைத்தது’, ‘கிடைக்கவில்லை’ என்றே விட்டுவிட்டேன். எளிய வினை வேலை செய்யும் இடத்தில் கலைச்சொல் எதற்கு?

வெளியே விடுமுன் மோதல் பார்ப்பது

கடைசிப் படி, ஏற்கெனவே இருக்கும் சொற்களோடு மோதுகிறதா என்று தேடுவது. சொல்லை அப்படியே தேடினால் போதாது. அதே துறையில் வேறு பொருளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வலிக்கும் மோதல் அங்கேதான். செயலி என்றால் திறன்பேசியில் நிறுவுவது. நுண்செயலி என்பதன் சுருக்கமாகவும் செயலி வரும். ‘செயலி சூடாகிறது’ என்று ஒருவர் எழுதினால் அவர் சில்லைச் சொல்கிறாரா, திறந்து வைத்த ஆப்பைச் சொல்கிறாரா? நிரல் என்றால் கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்பு, அணிக் கணிதத்தில் நெட்டுவரிசை. அட்டவணைகளைக் கையாளும் நிரல் ஒன்றைப் பற்றி எழுதிப் பாருங்கள், நான்காவது வரியில் நீங்களே தொலைந்துபோவீர்கள். துறை வேறாக இருந்தால் பயமில்லை. படி என்பது ஏறுவதாகவும் அளப்பதாகவும் வாசிப்பதாகவும் இருந்துகொண்டு யாரையும் துன்புறுத்தவில்லை.

அருகிருப்புக்கும் ஒரு மோதல் உண்டு. இருப்பு என்பது சரக்கையும் சொல்லும், இருத்தலையும் சொல்லும். ஆகவே ‘அருகில் இருக்கும் நிலை’ என்று ஒருவர் படிக்க இடமிருக்கிறது. உலாவியின் அமைப்புப் பக்கத்தில் அப்படி யாரும் படிக்கவில்லை. நான் காட்டிய நான்கு பேரும் ஏதோ சேர்த்து வைத்தது என்றே புரிந்துகொண்டார்கள். ஆனால் வரைபடச் செயலியில் ‘அருகிருப்பைக் காட்டு’ என்று எழுதினால், பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் வரும் என எதிர்பார்ப்பது நியாயம்தான். அங்கே ‘அருகிருத்திய தரவு’ என்று வினையோடு சேர்த்து எழுதுவதாக முடிவு செய்து, என் சொற்பட்டியலில் அந்தச் சொல்லுக்கு எதிரே முதலில் எழுதிய வாக்கியத்தையும், செத்த நான்கு சொற்களையும், ஒவ்வொன்றும் ஏன் செத்தது என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து “கிட்டகம் என்று வைக்கலாமே” என்பார், எனக்கும் அதில் என்ன குறை என்று மறந்து போயிருக்கும்.